பால் பெட்டியின் இரண்டு எண்கள்: தேநீருக்கு, தயிருக்கு, பிள்ளைக்கு

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் தங்கை ஒருத்தி, போன மாதம் ஒரே வகை ஒரு லீற்றர் பால் பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தாள். அவளுடைய மகனுக்கு 14 மாதம். "அக்கா, மற்றப் பாலைவிட இதில் புரதமும் கல்சியமும் கூட எழுதியிருக்கிறது. விலையும் கொஞ்சம் கூடத்தான். பிள்ளைக்கு இதையே கொடுக்கலாம்தானே?" என்று கேட்டாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. புரதம் கூடத்தான் இருந்தது. ஆனால் கொழுப்பு 100 மில்லிலீற்றரில் 1.5 கிராம். அந்தப் பிள்ளைக்கு அது பொருந்தாத பால்.

தம்பலகாமம் பக்கத்துப் பால் சேகரிப்பு நிலையம் ஒன்றில் சில காலம் பாலைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்திருக்கிறேன். அங்கே எந்தப் பாலும் இரண்டு எண்களாகத்தான் பதிவேட்டில் ஏறும். ஒன்று கொழுப்பு. மற்றது கொழுப்பற்ற திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப். பாலில் உள்ள நீரையும் கொழுப்பையும் கழித்துவிட்டால் மிஞ்சும் புரதம், பாற்சர்க்கரை, கனியுப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. மாட்டுக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுப்பதே இந்த இரண்டையும் பார்த்துத்தான். அதே பால் பெட்டிக்குள் போய்க் கடைத் தட்டில் ஏறியதும், வாங்குகிறவர் கண்ணில் படுவது பசுவின் படமும் பெயரும் விலையும்தான்.

இந்தியப் பைப் பாலில் இந்த இரண்டு எண்களும் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கும். அங்கே உணவுத் தர விதிப்படி பாலின் வகைப் பெயரே எண்ணைச் சொல்லிவிடும். டோன்டு பால் என்றால் கொழுப்பு 3 சதவீதம், திடப்பொருள் 8.5 சதவீதம். நிலைப்படுத்திய பால் என்றால் 4.5, 8.5. முழுக்கொழுப்புப் பால் என்றால் 6, 9. தமிழ்நாட்டின் ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறத்தால் பிரித்து விற்றதும் இந்த மூன்றைத்தான். சென்னைக்குப் போய்வந்த நம் ஆட்கள் "அங்கத்தைய தேநீர் கட்டியாக இருக்கிறது, நம் பாலில் ஒன்றும் இல்லை" என்று குறைப்படுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் அங்கே குடித்தது 4.5 அல்லது 6 சதவீதக் கொழுப்புள்ள பால். நம் கடைகளில் முழு ஆடைப் பால் என்று வரும் பெட்டிகள் பெரும்பாலும் மூன்று, மூன்றரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பெயரைக் கேட்டால் ஒன்றுபோல இருக்கும். எண்ணைப் பார்த்தால் பாதிதான்.

ஹைலண்ட், கொத்மலை, அம்பேவெல, பெலவத்த, அங்கர் என்று எதை எடுத்தாலும் பெட்டியின் பக்கவாட்டில் ஊட்டச்சத்து அட்டவணை இருக்கும். திடப்பொருளின் எண் அதில் தனி வரியாக இல்லாவிட்டாலும் நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம். புரதத்தையும் காபோவைதரேற்றையும் கூட்டி, அதோடு 0.7 சேர்க்க வேண்டும். பசும்பாலில் கனியுப்புகள் ஏறத்தாழ 0.7 சதவீதம், அது எந்தப் பெட்டியிலும் பெரிதாக மாறாது. சேர்க்கை எதுவும் இல்லாத பாலில் காபோவைதரேற்று என்பது பாற்சர்க்கரைதான். ஆகவே அந்தக் கூட்டுத்தொகையே திடப்பொருள்.

அன்று மேசையில் மூன்று வகைப் பெட்டிகள் இருந்தன. முதலாவது நான் வழக்கமாக வாங்குவது: கொழுப்பு 3.3, புரதம் 3.2, காபோவைதரேற்று 4.7. கூட்டினால் திடப்பொருள் 8.6. இரண்டாவது தங்கை கொண்டுவந்தது: கொழுப்பு 1.5, புரதம் 3.4, காபோவைதரேற்று 4.9. கூட்டினால் 9.0. மூன்றாவது என் மருமகனின் சுவையூட்டிய பால்: கொழுப்பு 2, புரதம் 2.6, காபோவைதரேற்று 9.5. கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் மூன்றாவதுதான் வெல்லும், 12.8 வரும். ஆனால் அது சீனி. உண்மையான பாலில் பாற்சர்க்கரை புரதத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் இருக்கும். 2.6 கிராம் புரதத்துக்கு நான்கு கிராமுக்கு மேல் போகாது. மிச்சம் ஐந்தரை கிராம் வெளியிலிருந்து வந்த இனிப்பு. அதைக் கழித்துவிட்டால் அந்தப் பாலின் திடப்பொருள் ஏழைச் சுற்றித்தான் நிற்கிறது. நல்ல பாலில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இரண்டாவது பெட்டியில் திடப்பொருள் ஏன் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் அதில் தனியாகப் புரதம் சேர்க்காவிட்டாலும் அது கொஞ்சம் ஏறும். கொழுப்பை எடுத்தால், எடுத்த இடத்தை மிச்சப் பால் நிரப்புகிறது. அதனால் மற்ற எல்லாமே சதவீதத்தில் சற்று ஏறுகின்றன. கொழுப்பு குறைந்த பெட்டியில் "புரதம் கூட" என்று தெரிவதில் ஒரு பகுதி இந்தக் கணக்குதான்.

பால்மாவோடு ஒப்பிடும்போது இன்னொரு தடுமாற்றம் வரும். முழு ஆடைப் பால்மாவில் கொழுப்பு 26 என்று இருக்கும்; பெட்டிப் பாலில் 3.3 என்று இருக்கும். முன்னது 100 கிராம் மாவுக்கு, பின்னது 100 மில்லிலீற்றர் பாலுக்கு. ஒரு லீற்றர் பாலாக்க ஏறத்தாழ 125 கிராம் மாவு வேண்டும் என்பதால், மாவின் எண்களை எட்டால் வகுத்தால் போதும். 26 ஐ எட்டால் வகுத்தால் 3.25. அதே பால்தான், தண்ணீர் இல்லாமல். விலையையும் இப்படியே பார்க்கலாம். 400 கிராம் பக்கெட் 3.2 லீற்றர் பாலாகும். ஆகவே ஒரு லீற்றர் பெட்டியின் விலையை 3.2 ஆல் பெருக்கி, பக்கெட் விலையோடு வைத்துப் பார்த்தால் அன்றைக்கு எது மலிவு என்று தெரிந்துவிடும். விலை மாறிக்கொண்டே இருக்கும், 3.2 மாறாது.

எண்களுக்கு முன்னால் சேர்பொருள் வரியைப் படிக்க வேண்டும். அங்கே தாவரக் கொழுப்பு அல்லது தாவர எண்ணெய் என்று இருந்தால், பாற்கொழுப்பை எடுத்துவிட்டு வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். அட்டவணையில் அதுவும் 26, 28 என்று முழு ஆடைப் பால்மாவைப்போலவே நிற்கும். எண்ணைப் பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே முடியாது.

தேநீருக்கு வருவோம்; இதில் சொல்ல அதிகம் இல்லை. தேயிலையின் துவர்ப்பை அடக்குவது பாலின் புரதம், முக்கியமாகக் கேசீன். அது சாயத்தின் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கில் நிற்கும் வழுவழுப்பைத் தருவது கொழுப்பு. தேநீருக்கு இரண்டும் வேண்டும். கொழுப்பு குறைந்த பாலில் நிறம் வரும், துவர்ப்பும் அடங்கும். ஆனால் குடித்து முடித்ததும் வாயில் ஒன்றும் மிஞ்சாது. பால்மாவிலிருந்து பெட்டிப் பாலுக்கு மாறியவர்கள் "தேநீர் தண்ணீராகிவிட்டது" என்று சொல்வதும் பாலின் குற்றம் அல்ல. இரண்டு கரண்டி நிறைய மாவு போட்டால் அது ஏறத்தாழ 10 கிராம். அந்த அளவு திடப்பொருளும் கொழுப்பும் பெட்டிப் பாலில் 80 மில்லிலீற்றரில் இருக்கிறது, அரைக் கோப்பை. அதில் 70 மில்லிலீற்றர் தண்ணீர். சாயத்தை முன்புபோலவே ஊற்றினால் தேநீர் நீர்த்துத்தான் போகும். அதே தேயிலையைப் பாதித் தண்ணீரில் கடுப்பாக வடித்து, பாலைத் தனியே சூடாக்கி ஊற்றினால் பழைய தேநீர் திரும்ப வரும்.

தயிரில்தான் பெட்டிப் பால் நம்மைச் சோதிக்கிறது. அதிலும் திருகோணமலையில் இருந்துகொண்டு பெட்டிப் பாலில் தயிர் போடுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்துப் பார்த்த கண் நமக்கு. எருமைப்பாலில் கொழுப்பு ஏழைச் சுற்றி இருக்கும். திடப்பொருள் ஒன்பதுக்கு மேல். போதாததற்கு மண்சட்டி வேறு கொஞ்சம் நீரை உறிஞ்சி, இன்னும் இறுகச் செய்கிறது. அந்தத் தயிரை 3.3, 8.6 என்ற பெட்டிப் பாலிடம் எதிர்பார்த்துவிட்டு, "இது மருந்து கலந்த பால், உறையாது" என்று சொல்லிவிடுகிறோம். மருந்து எதுவும் இல்லை. பாலை 135 பாகைக்கு மேல் சில செக்கன்கள் சூடாக்கிக் கிருமி புகாத பெட்டியில் அடைக்கிறார்கள், அவ்வளவுதான். உறையும். ஆனால் தளர்வாக உறையும்.

தயிர் இறுகுவது கேசீன் வலைபோலப் பின்னிக்கொள்வதால். அந்த வலையின் நூல் திடப்பொருள் பகுதியில் இருக்கிறது, கொழுப்பில் இல்லை. கொழுப்பு அந்த வலையின் கண்களுக்குள் உட்கார்ந்து தயிரை மிருதுவாக்கும், வலையைப் பின்னாது. அதனால்தான் பாலாடையோ வெண்ணெயோ கலந்து தயிரைக் கட்டியாக்கப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். பெட்டிப் பாலில் இன்னொரு குறையும் உண்டு. அத்தனை உயர்ந்த சூட்டைக் கண்ட பால், வீட்டில் மெதுவாகக் காய்ச்சிய பாலைவிடச் சற்றே தளர்ந்த தயிரைத் தரும். ஆகவே 8.6 ஐ 10 க்கு மேலே ஏற்ற வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. ஒரு லீற்றர் பாலை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, துழாவித் துழாவி 850 மில்லிலீற்றர் ஆகும்வரை சுண்டவைத்தால் திடப்பொருள் 10 ஐத் தாண்டும், கொழுப்பும் நான்கை நெருங்கும். எரிவாயு விலைக்கு இது கட்டுப்படியாகாது என்றால் இரண்டாவது வழி: லீற்றருக்கு 30 கிராம் முழு ஆடைப் பால்மா, அதாவது மட்டமாக நான்கு மேசைக்கரண்டி. கணக்கு இப்படி வரும். ஒரு லீற்றர் பால் 1030 கிராம் எடை. அதில் திடப்பொருள் ஏறத்தாழ 88 கிராம். 30 கிராம் மாவில் 21 கிராம். இரண்டும் சேர்ந்து 109. மொத்த எடை 1060. சதவீதமாக்கினால் 10.3. ஆடை நீக்கிய பால்மா கிடைத்தால் அதே 30 கிராமில் 11 வரை போகும்; ஆனால் தயிரில் வழுவழுப்பு குறையும்.

மாவைக் கொதிக்கும் பாலில் தூவக்கூடாது, கட்டிபடும். ஒரு கோப்பை வெதுவெதுப்பான பாலில் கரைத்து, வடித்து ஊற்றவேண்டும். பிறகு ஓரத்தில் சிறு குமிழ் வந்து ஆவி எழும்பும்வரை சூடாக்கி, அதே நிலையில் பத்து நிமிடம் வைத்திருக்கவேண்டும். ஆறவிட்டு, சுத்தமான சுண்டுவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை தாங்கக்கூடிய சூட்டுக்கு வந்ததும் ஒரு மேசைக்கரண்டி உறைமோரைக் கரைத்து ஊற்றினால் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஐந்தாறு மணித்தியாலத்தில் உறைந்துவிடும். வாடைக்காற்று மழையில் இரவு முழுக்க வேண்டும். பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைப்பது நல்லது. உறையும்போது அசைக்கவே கூடாது.

தயிர் சரிவராவிட்டால் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். பிழை எங்கே என்று அது சொல்லிவிடும். புளிப்பு போதுமான அளவு வந்தும் தயிர் நிற்காமல் தெளிநீர் விட்டிருந்தால், உறைமோர் தன் வேலையைச் செய்துவிட்டது. பாலில்தான் திடப்பொருள் போதவில்லை, அல்லது யாரோ பாத்திரத்தை அசைத்துவிட்டார்கள். புளிப்பே இல்லாமல் பால் பாலாகவே இருந்தால், பாலின் எண்ணில் குற்றம் இல்லை; உறைமோர் செத்துப்போயிருக்கிறது, அல்லது சூட்டோடு ஊற்றிவிட்டீர்கள். முதலாவதற்கு மாவைக் கூட்டவேண்டும், இரண்டாவதற்கு உறைமோரை மாற்றவேண்டும். பலர் இரண்டுக்குமே பால் பெட்டியின் பெயரைத்தான் மாற்றுகிறார்கள்.

ஆடையைப் பார்த்துப் பாலை மதிப்பிடும் பழக்கத்தையும் பெட்டிப் பாலிடம் விட்டுவிட வேண்டும். அதில் கொழுப்புத் துளிகளை மிக நுண்ணியதாக உடைத்துக் கலந்துவிடுகிறார்கள். அவை மேலே மிதந்து வரமாட்டா. மூன்றரை சதவீதக் கொழுப்பிருந்தாலும் ஆடை தடிப்பாகப் படியாது.

இனிப் பிள்ளைகள். தங்கையின் கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்கியது.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெட்டிப் பாலோ பால்மாவோ தாய்ப்பாலுக்கு மாற்று ஆகாது. இதற்கான காரணம் எண்களுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் கூட்டுத்தொகையில் தெரியாது. தாய்ப்பாலில் கொழுப்பு நான்கு சதவீதத்துக்குப் பக்கம். புரதம் ஒன்று, பாற்சர்க்கரை ஏழு, கனியுப்பு 0.2. கூட்டினால் திடப்பொருள் 8.2. பசும்பாலில் 8.6. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் பசும்பாலில் புரதம் மூன்று மடங்கு, கனியுப்பு மூன்று மடங்குக்கும் மேல். அந்த மிச்சத்தைக் கழித்து வெளியேற்ற வேண்டியது குழந்தையின் முதிராத சிறுநீரகம். தயிரை நிற்கவைக்கிற அதே புரதமும் உப்பும் கைக்குழந்தைக்குச் சுமையாகின்றன. ஆகவே கைக்குழந்தை விடயத்தில் "திடப்பொருள் கூடிய பால்" என்பது புகழ்ச்சி அல்ல.

ஒரு வயது தாண்டியதும் பசும்பால் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ தொடரலாம். ஆனால் இரண்டு வயதுவரை முழுக்கொழுப்புப் பாலே நல்லது. பாலின் சக்தியில் பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. தங்கையின் மகன் நாளொன்றுக்கு 400 மில்லிலீற்றர் குடிக்கிறான். என் பெட்டியில் அது 13 கிராம் கொழுப்பு. அவள் பெட்டியில் 6 கிராம். வித்தியாசம் ஏழு கிராம், ஏறத்தாழ 65 கலோரி. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 900 கலோரி அளவுதான் என்றால், நாள்தோறும் பதினான்கில் ஒரு பங்கை நாமே தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாகக் கிடைக்கும் கூடுதல் புரதம் நாளுக்கு ஒரு கிராம்கூட இல்லை. கிழங்கான் மீன் ஒரு துண்டில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

தண்ணீர் கலப்பது இதைவிடப் பெரிய தவறு. பால் பிள்ளைக்குச் செரிக்காது என்று பயந்து பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். 2021, 2022 இல் பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது வேறு வழியில்லாமல் கலந்தவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. பாதி கலந்தால் கொழுப்பு 1.65, திடப்பொருள் 4.3. வயிறு நிரம்பிவிடும், சோற்றுக்கு இடம் இருக்காது. ஒரு கரண்டி சீனி போட்டு அந்த வெறுமையை மறைத்துவிடுகிறோம். பால்மாவிலும் இதேதான். பக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண், அவர்கள் சொன்ன அளவு மாவைப் போட்டால் மட்டும்தான் உண்மை.

அதேநேரம் பால் நிறையக் கொடுப்பதும் ஆகாது. நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் போனால் பிள்ளை மற்ற உணவைத் தள்ளிவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இரத்தசோகை வரலாம். வளரும் பிள்ளைகளுக்கென்று தனியாக விற்கும் மாவகைகளையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். புரதத்தின் ஒன்றரை மடங்கைவிட மிக அதிகமாகக் காபோவைதரேற்று இருந்தால் வெளியிலிருந்து இனிப்போ மாச்சத்தோ சேர்த்திருக்கிறார்கள். ஒன்று முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்கு இத்தகைய மாவகைகளை உலக சுகாதார நிறுவனமும் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைக்கவில்லை. எடை வளர்ச்சிக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டியை மாற்றிக்கொண்டிருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் அட்டையைக் காட்டவேண்டும்.

"அப்படியென்றால் இந்த இரண்டு பெட்டியையும் என்ன செய்வது, அக்கா? கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள்" என்றாள். என்னிடம் இருந்த முழுக்கொழுப்புப் பெட்டியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அவள் கொண்டுவந்த ஒன்றை அன்று மாலையே அடுப்பில் வைத்தோம். 1.5, 9.0 என்ற பாலில் 40 கிராம் முழு ஆடைப் பால்மா கலந்தால் கொழுப்பு 2.4, திடப்பொருள் 11.3. மறுநாள் காலை அவள் கிண்ணத்தைச் சரித்துப் பார்த்தாள், தயிர் அசையவில்லை. மற்றப் பெட்டி இந்த வெள்ளிக்கிழமை மோருக்கு.